வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புன ரிக்வெஸ்ட்டுக்கு "48 பிசினஸ் ஹவர்ஸ்" எப்போ முடியுது?

"48 பிசினஸ் ஹவர்ஸுக்குள்ள பதில் தருவோம்"னு ஒரு வரி, சப்போர்ட் மெயிலுக்கு கீழ, கான்ட்ராக்ட்ல, ஆப்ல டிக்கெட் போட்டதும் வர்ற மெசேஜ்லன்னு எங்க பார்த்தாலும் இருக்கும். படிக்கிறவங்க பாதிப் பேர் 48-ஐ மட்டும் படிச்சிட்டு "சரி ரெண்டு நாள்"னு நினைச்சுக்கறாங்க, மீதிப் பேர் பிசினஸ்ங்கிற வார்த்தையையும் பார்த்துட்டு "சரி சனி ஞாயிறு கழிச்சு ரெண்டு நாள்"னு நினைச்சுக்கறாங்க. ரெண்டு பேருமே எழுதியிருக்கிற கணக்கை போடல.

நான் சில வருஷம் சப்போர்ட் டெஸ்க்ல உக்காந்திருந்தேன். திங்கக்கிழமை காலைல வர்ற கோவமான மெயில்ல பாதி இதே ரகம்தான், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புனேன், 48 மணி நேரம் நேத்தே முடிஞ்சு போச்சு, ஒருத்தரும் பதில் சொல்லல"ன்னு. எங்க பக்கம் சிஸ்டத்துல பார்த்தா அந்த டிக்கெட்டுக்கு ஓடுன நேரம் பூஜ்ஜியம்னு காட்டும். ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேர் கைலயும் வேற வேற கடிகாரம், அவ்ளோதான்.

ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம். தேதி 5, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 6:40-க்கு உங்க ரிக்வெஸ்ட் போய்ச் சேருது. அந்த ஆஃபீஸ் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், காலைல 9-ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும். கெடு எப்போ முடியும்?

குழாயும் தொட்டியும்

ஒரு தண்ணித் தொட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. குழாய் தொடர்ந்து ஓடுனா அது நிரம்ப 48 மணி நேரம் ஆகும். ஆனா குழாய்ல தண்ணி எப்பவும் வராது, காலைல 9 மணிக்கு வரும், சாயங்காலம் 5 மணிக்கு நின்னுடும், சனி ஞாயிறு சொட்டு கூட வராது. இப்ப தொட்டி எப்போ நிரம்பும்னு கேட்டா "48 மணி நேரத்துல"ன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல. ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் தண்ணி வருது, எந்தெந்த நாள் வருதுன்னுதான் முதல்ல கேப்போம்.

பிசினஸ் ஹவர்ங்கிறது அந்தக் குழாய் திறந்திருக்கிற நேரம். ஆஃபீஸ் திறந்திருக்கிறதா அவங்களே அறிவிச்ச நேரத்துல ஓடுற ஒரு மணி நேரம்தான் ஒரு பிசினஸ் ஹவர். ராத்திரி ஓடுற மணி, ஞாயித்துக்கிழமை ஓடுற மணி, இதெல்லாம் உங்க வீட்டுக் கடிகாரத்துல நகரும், தொட்டிக்குள்ள ஒரு சொட்டு கூட சேராது.

எந்த நாள், எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், எந்த லீவு நாள்ல கிடையாதுங்கிற அந்த முழு அட்டவணைக்கு இந்தத் துறைல பிசினஸ் காலண்டர்னு சொல்லுவாங்க. அந்த காலண்டர் கைல இல்லாம 48-ங்கிற நம்பரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

இப்ப கணக்கை போடலாம்

முதல் கேள்வி, ரிக்வெஸ்ட் வந்தப்ப குழாய் திறந்திருந்துச்சா? 6:40-க்கு இல்ல, 5 மணிக்கே மூடியாச்சு. அதனால வெள்ளிக்கிழமை கணக்குல சைபர். சனி 6, ஞாயிறு 7, ரெண்டும் சைபர். கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறதே திங்கள் 8-ம் தேதி காலைல 9 மணிக்குத்தான்.

ரெண்டாவது கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை மணி சேரும்? 9-ல இருந்து 5 வரைக்கும் எட்டு மணி. 48-ஐ எட்டால வகுத்தா ஆறு. ஆக முழுசா ஆறு வேலை நாள் வேணும். பெரும்பாலானவங்களுக்கு தூக்கிவாரிப் போடுற இடம் இதுதான், ரெண்டு நாள்னு நினைச்சது ஆறு நாளா நிக்குது.

இனி எண்ண வேண்டியதுதான். திங்கள் 8 முடியறப்போ 8 மணி நேரம், செவ்வாய் முடியறப்போ 16, புதன் 24, வியாழன் 32, வெள்ளி 12-ம் தேதி சாயங்காலம் 40. இன்னும் எட்டு பாக்கி இருக்கு, ஆனா அடுத்தது சனி ஞாயிறு, மறுபடி குழாய் மூடியிருக்கு. திங்கள் 15-ம் தேதி காலைல 9 மணிக்கு திறந்து சாயங்காலம் 5 மணிக்கு 48 நிரம்புது.

ஆக விடை: 15-ம் தேதி, திங்கக்கிழமை, சாயங்காலம் 5 மணி. நீங்க அனுப்புன நேரத்துல இருந்து சாதா கடிகாரத்துல எண்ணுனா 238 மணி நேரம் 20 நிமிஷம், கிட்டத்தட்ட பத்து நாள். பத்து நாள்னு எழுதுனா யாருக்கும் பிடிக்காது, 48-னு எழுதுனா சுறுசுறுப்பா தெரியுது, இந்த வரி இவ்ளோ எடத்துல இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்கு ஒரு சந்தேகம் எப்பவுமே உண்டு.

இதுவரைக்கும் பார்த்தது இவ்ளோதான்: மூடுன பிறகு வந்த ரிக்வெஸ்ட்டுக்கு கடிகாரம் அடுத்த வேலை நாள் திறக்கும்போது ஆரம்பிக்குது, திறந்திருக்கிற மணிகளை மட்டும் கூட்டிக்கிட்டே போய் 48 எங்க நிரம்புதோ அங்க முடியுது.

வெள்ளி சாயங்காலம்னா என்ன விசேஷம்?

மேல போட்ட கணக்குல 6:40-ங்கிற நேரத்தை நாம எங்கயுமே பயன்படுத்தல, கவனிச்சீங்களா? வெள்ளி 5:01-க்கு அனுப்புனாலும், சனிக்கிழமை நடு ராத்திரி அனுப்புனாலும், திங்கள் காலைல 8:59-க்கு அனுப்புனாலும் கெடு ஒண்ணுதான், 15-ம் தேதி 5 மணி. மூடுன கதவுக்கு முன்னாடி முதல்ல வந்து நின்னவரும் கடைசியா வந்து நின்னவரும் ஒண்ணு.

சரி அப்போ வெள்ளிக்கிழமை 5 மணிக்கு முன்னாடி அடிச்சு பிடிச்சு அனுப்பியிருந்தா? 4:15-க்கு அனுப்புனதா வெச்சுக்குவோம். அன்னிக்கே 45 நிமிஷம் ஓடிடும், பாக்கி 47 மணி 15 நிமிஷம். அடுத்த வாரம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 40 போச்சுன்னா மீதி 7 மணி 15 நிமிஷம், அது 15-ம் தேதி திங்கள் 4:15-க்கு முடியும். ஓடி ஓடி அனுப்பி லாபம் 45 நிமிஷம். (48, எட்டால மிச்சமில்லாம வகுபடறதால ஆரம்பிச்ச அதே மணிலயே முடியுது, கணக்கு சரிதானான்னு பாக்க இது ஒரு நல்ல வழி.)

ஆனா வியாழக்கிழமை ராத்திரியே அனுப்பியிருந்தா கதையே வேற. கடிகாரம் வெள்ளி 5-ம் தேதி காலைல 9-க்கு ஆரம்பிக்கும், வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளின்னு ஆறு நாள், 12-ம் தேதி வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு முடிஞ்சிடும். ரெண்டாவது சனி ஞாயிறு குறுக்கிடவே இல்ல. வெள்ளி சாயங்காலம் அனுப்புறவரு ரெண்டு வாரக் கடைசியை தாண்டணும், வியாழன் ராத்திரி அனுப்புறவருக்கு ஒண்ணு போதும். ஒரு நாள் தள்ளி அனுப்புனதுக்கு மூணு நாள் தள்ளிப் போகுது, வெள்ளிக்கிழமையோட விசேஷம் அதுதான்.

"ரெண்டு நாள்"ங்கிற அர்த்தத்துல எழுதுறவங்களும் இருக்காங்க

இங்கதான் குழப்பம் ஜாஸ்தி. எழுதியிருக்கிறபடி பார்த்தா 48 பிசினஸ் ஹவர்ஸ்னா ஆறு வேலை நாள், ஆனா அதை எழுதுன ஆளே பல நேரம் அப்படி நினைச்சு எழுதறதில்ல. அவர் மனசுல "48 மணி நேரம், அதாவது ரெண்டு நாள், ஆனா சனி ஞாயிறை எண்ணாதீங்க"ன்னுதான் இருக்கும், அதை சுருக்கமா சொல்றதா நினைச்சு பிசினஸ்ங்கிற வார்த்தையை நடுவுல சொருகிட்டாரு. இந்த அர்த்தத்துல ஒரு வேலை நாள் முழுசா 24 மணி நேரம்.

நம்ம கேஸ்ல இதுக்கு கணக்கு போட்டா, வெள்ளி 6:40-ல இருந்து நடு ராத்திரி வரைக்கும் 5 மணி 20 நிமிஷம், திங்கள் முழுசா 24, ஆக 29 மணி 20 நிமிஷம், மீதி 18 மணி 40 நிமிஷம் செவ்வாய்க்கிழமைல ஓடும். செவ்வாய் 9-ம் தேதி சாயங்காலம் 6:40-க்கு முடியுது. சிலர் ஆஃபீஸ் திறந்த பிறகுதான் ஆரம்பம்னு சொல்லி திங்கள் 9 மணில இருந்து எண்ணுவாங்க, அப்போ புதன் 10-ம் தேதி காலைல 9 மணி. எப்படி எண்ணுனாலும் செவ்வாய் சாயங்காலத்துக்கும் புதன் காலைக்கும் நடுவுலதான் வரும்.

பிசினஸ்ங்கிற வார்த்தையே இல்லாம வெறும் 48 மணி நேரம்னா ஞாயிறு 7-ம் தேதி சாயங்காலம் 6:40. இதுலயும் ஒரு நடுவழி உண்டு, முடியற நேரம் லீவு நாள்ல விழுந்தா மட்டும் தள்ளி வைக்கிறது. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளோட சிவில் நடைமுறை விதி 6 மணிக்கணக்குல இருக்கிற கெடுவுக்கு அப்படித்தான் சொல்லுது, சனி ஞாயிறு உட்பட எல்லா மணியையும் எண்ணு, முடிவு லீவு நாள்ல விழுந்தா அடுத்த வேலை நாள் அதே நேரம் வரைக்கும் நீட்டு. அந்தக் கணக்குல நம்ம 48 திங்கள் 8-ம் தேதி 6:40-ல நிக்கும். கோர்ட்டுக்கு மணிக்கணக்கு முக்கியம், அதனால விதியை ஒரு வரில முடிக்காம நின்னு நிதானமா எழுதி வெச்சிருக்காங்க.

ஆக ஒரே ரிக்வெஸ்ட்டுக்கு ஞாயிறு 7, செவ்வாய் 9, திங்கள் 15-னு ஒண்ணுக்கொண்ணு எட்டிப் பார்க்க முடியாத தூரத்துல மூணு விடை. எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? முதல்ல அந்த டாக்குமெண்ட்லயே "பிசினஸ் ஹவர்ஸ்"க்கு விளக்கம் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. கான்ட்ராக்ட்னா ஆரம்பப் பக்கங்கள்ல வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ற பகுதி இருக்கும். அங்க "திங்கள் முதல் வெள்ளி, 9 முதல் 5"னு மணி குறிச்சிருந்தா ஆறு நாள் கணக்குதான், வாக்குவாதத்துக்கே எடமில்ல. மணி எதுவும் சொல்லாம நாள் மட்டும் சொல்லியிருந்தா ரெண்டு நாள் அர்த்தமா இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு துப்பும் இருக்கு, அதே பக்கத்துல மத்த கெடுவெல்லாம் எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க: அவசரமானதுக்கு 4 பிசினஸ் ஹவர்ஸ், சாதாரணமானதுக்கு 16, மத்ததுக்கு 48-னு இருந்தா அது எட்டு மணி நாளை மனசுல வெச்சு எழுதுனது, அரை நாள், ரெண்டு நாள், ஆறு நாள்.

சிஸ்டத்துக்குள்ளயும் இதே சிக்கல் இருக்கு. இந்த மாதிரி நேர வாக்குறுதிக்கு எஸ்எல்ஏன்னு பேரு, சேவை எந்த அளவுல இருக்கும்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட ஒப்பந்தம். ஜென்டெஸ்க் மாதிரி டிக்கெட் சாஃப்ட்வேர்ல எஸ்எல்ஏ போடறப்போ `Calendar hours`, `Business hours`-னு ரெண்டுல ஒண்ணை தேர்ந்தெடுக்கணும். வெளிய பிசினஸ் ஹவர்ஸ்னு அறிவிச்சிட்டு உள்ள முதலாவதை விட்டு வெச்சா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6:40-க்கு டிக்கெட் சிவப்பாகி யாரும் இல்லாத ஆஃபீஸ்ல அலாரம் அடிக்கும். வாரக் கடைசில மட்டும் கெடு தாண்டுன டிக்கெட் குவியுதுன்னா முதல்ல பார்க்க வேண்டிய எடம் அதுதான்.

எதெல்லாம் விடையை நகர்த்தும்

ஆஃபீஸ் 9-ல இருந்து 6 வரைக்கும்னா ஒரு நாளைக்கு ஒன்பது மணி. அஞ்சு நாள்ல 45, மீதி மூணு, ஆக 15-ம் தேதி மதியம் 12 மணிக்கே முடிஞ்சிடும். சனிக்கிழமையும் முழு வேலை நாள்னா 12-ம் தேதி வெள்ளிக்கே வந்துடும். சாப்பாட்டு நேரம் ஒரு மணியை கழிக்கிற காலண்டர்னா ஒரு நாளைக்கு ஏழுதான், அப்போ 16-ம் தேதி செவ்வாய் சாயங்காலம் 4 வரைக்கும் போகும் (லஞ்ச் 1-ல இருந்து 2-ன்னு வெச்சு). நடுவுல புதன் 10-ம் தேதி லீவுன்னா எல்லாம் ஒரு நாள் தள்ளி 16-ம் தேதி 5 மணி, ஆனா அது அவங்க காலண்டர்ல லீவா இருக்கணும், உங்க ஊர்ல லீவா இல்லையாங்கிறது கணக்குலயே வராது.

ஊர் வேற வேறன்னா நேர மண்டலம், அதாவது டைம் ஸோன், உள்ள வரும். உங்களை விட அவங்க 9 மணி நேரம் பின்னாடி இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. உங்க வெள்ளி சாயங்காலம் 6:40, அவங்களுக்கு வெள்ளி காலைல 9:40, குழாய் திறந்துதான் இருக்கு, கடிகாரம் அப்பவே ஓட ஆரம்பிச்சிடும். அடடா லாபம்னு தோணும். ஆனா ஆறு நாள் எண்ணுனா அவங்க திங்கள் 15 காலைல 9:40-க்கு முடியும், அது உங்களுக்கு திங்கள் சாயங்காலம் 6:40, ஒரே ஊர்ல இருந்தா 5 மணிக்கே முடிஞ்சிருக்கும். சீக்கிரம் ஆரம்பிச்சும் லேட்டா முடியுது! காலண்டர் அவங்க நேரத்துல ஓடுது, நீங்க பார்க்கறது உங்க கடிகாரத்துல, அதனால முழுக் கணக்கையும் அவங்க நேரத்துலயே போட்டுட்டு கடைசி விடையை மட்டும் உங்க நேரத்துக்கு மாத்துங்க. நடுவுல மாத்துனா கண்டிப்பா தப்பு வரும்.

சுருக்கமா சொன்னா ஒரு நாளோட நீளம், வாரத்துல எத்தனை நாள், யாரோட லீவு, யாரோட நேரம், இந்த நாலும் தெரிஞ்சா கணக்கு அசையாது.

எக்செல்ல ஒரு வரி

அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தா எக்செல்ல `WORKDAY` இருக்கு. சனி ஞாயிறை விட்டுட்டு இத்தனை வேலை நாள் தள்ளி என்ன தேதின்னு சொல்லும், ஆரம்ப நாளை எண்ணாது. ரிக்வெஸ்ட் வந்த தேதியும் நேரமும் A2-ல, லீவு தேதிகள் F2-ல இருந்து F10 வரைக்கும் இருக்குன்னா, 9-5 ஆஃபீஸுக்கு சாயங்காலம் மூடுன பிறகோ சனி ஞாயித்துலயோ வந்ததுக்கு இது:

```
=WORKDAY(A2,6,F2:F10)+TIME(17,0,0)
```

வேலை நேரத்துக்குள்ளயே வந்ததுன்னா, முடியற மணியும் வந்த மணியே, அதனால:

```
=WORKDAY(A2,6,F2:F10)+MOD(A2,1)
```

விடை வெறும் நம்பரா வந்தா பயப்படாதீங்க, செல்லோட ஃபார்மட்டை தேதி நேரமா மாத்துனா போதும். இது ரெண்டும் எட்டு மணி நாளுக்கு மட்டும்தான், ஒன்பது மணி நாளுக்கு அந்த 6 சரி வராது. வேலை நாள்ல காலைல 9-க்கு முன்னாடி வந்ததுக்கும் முதல் வரி ஒரு நாள் அதிகமா காட்டும், ஏன்னா அந்த நாளே முழு எட்டு மணியா கணக்குல சேரணும், அங்க 6-க்கு பதிலா 5 போடணும். இன்னொண்ணு, `NETWORKDAYS` வெச்சு சரிபார்க்கறவங்க 5-ம் தேதிக்கும் 15-ம் தேதிக்கும் நடுவுல 7 வேலை நாள்னு வர்றதைப் பார்த்து குழம்புவாங்க. அது ரெண்டு முனையையும் சேர்த்து எண்ணும், வெள்ளி 5-ம் உள்ள வந்துடும், அந்த வெள்ளில நம்ம கடிகாரம் ஓடவே இல்ல.

5 மணியா, மறுநாள் காலை 9 மணியா?

கடைசியா ஒரு நுணுக்கம், சண்டை வந்தா இங்கதான் வரும். திங்கள் 15 சாயங்காலம் 5 மணிக்கு சரியா 48 நிரம்பிடுச்சு. அவங்க அன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு பதில் அனுப்புனா கெடு தாண்டுனதா? குழாய்க் கணக்குல பார்த்தா 5-ல இருந்து மறுநாள் 9 வரைக்கும் ஒரு சொட்டும் ஓடல, ராத்திரி 10 மணிக்கும் ஓடுன நேரம் 48-தான், 48-க்கு மேல போகல. அதனால "48-க்குள்ள"ங்கிறது செவ்வாய் காலைல 9 மணி வரைக்கும் உடையலன்னு ஒருத்தர் வாதாடலாம், 48-வது மணி முடிஞ்சது 5 மணிக்கு, அதோட முடிஞ்சதுன்னு இன்னொருத்தர் வாதாடலாம். என்னை கேட்டா 5 மணிதான் நியாயம், ஆனா செவ்வாய் 9:01-க்கு அப்புறம்தான் ரெண்டு பேருமே தாண்டிடுச்சுன்னு ஒத்துக்குவாங்க, அதனால புகார் மெயில் போடறதா இருந்தா அதுக்கு அப்புறம் போடுங்க.

போடறதுக்கு முன்னாடி பதில்ங்கிற வார்த்தையையும் ஒரு தடவை பாருங்க. "உங்க ரிக்வெஸ்ட் கிடைச்சது"ன்னு மெஷினே அனுப்புற மெயிலை பெரும்பாலும் பதிலா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா ஒரு ஆள் "பார்த்துக்கிட்டு இருக்கோம்"னு ஒரு வரி அனுப்புனா அது பதில்தான், உங்க பிரச்சனை தீரலன்னாலும் வாக்குறுதி நிறைவேறிடுச்சு. தீர்வுக்கான கெடு வேற, அது பக்கத்துலயே தனியா எழுதியிருக்கும், இல்லன்னா எழுதாமலே விட்டிருப்பாங்க.

இதெல்லாம் எண்ணப் பொறுமை இல்லன்னா ரிக்வெஸ்ட்லயே கடைசில ஒரு வரி சேர்த்துடுங்க: "என் கணக்குப்படி உங்க பதில் 15-ம் தேதி திங்கள் சாயங்காலம் 5 மணிக்குள்ள, உங்க ஊர் நேரப்படி, வரணும், தப்புன்னா சரியான தேதியையும் நேரத்தையும் சொல்லுங்க." ரெண்டு நாள் அர்த்தத்துல எழுதுன கம்பெனின்னா "இல்லங்க, செவ்வாய்க்கே வந்துடும்"னு உடனே திருத்துவாங்க.